ரத்தக்குழாயைத் துளைக்கும் பூஞ்சை ரத்தப் பரிசோதனையில் ஏன் சிக்குவதில்லை?



"ரத்தத்தில் கிருமி எதுவும் வளரவில்லை" என்று கல்ச்சர் ரிப்போர்ட் வந்தால் நோயாளியின் வீட்டாருக்கு நிம்மதி. "சளியில் கேண்டிடா பூஞ்சை வளர்ந்துள்ளது" என்று வந்தால் பதறிப்போய் ஓடி வருவார்கள். ரத்தப் புற்றுநோய் வார்டில் டியூட்டி பார்க்கும் எனக்கோ பல நேரம் முதல் ரிப்போர்ட்தான் கவலையைத் தரும். இரண்டாவதை மடித்து கேஸ் ஷீட்டுக்குள் வைத்துவிட்டுப் போய்விடுவேன்.

ஏன் இப்படி என்பதைத்தான் இந்தப் பதிவில் விளக்கப் போகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. டீ குடித்துக்கொண்டே படிக்கலாம்.

நம் எல்லார் மூச்சிலும் தினமும் நூற்றுக்கணக்கான பூஞ்சை வித்துகள் உள்ளே போகின்றன. மாட்டுச்சாணம், குப்பைக் குழி, பழைய நெல் மூட்டை, கட்டடம் இடிக்கும் தூசு என்று எங்கும் இருப்பவை அவை. அதில் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் வித்து வெறும் இரண்டு, மூன்று மைக்ரான்தான். அவ்வளவு சின்னதாக இருப்பதால் மூக்கு முடி, சளிப்படலம் எல்லாவற்றையும் தாண்டி நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்விடும்.

போனாலும் நமக்கு ஒன்றும் ஆவதில்லை. வித்தாக இருக்கும்போதே அதை விழுங்க மேக்ரோஃபேஜ் என்ற செல்கள் அங்கே காத்திருக்கின்றன. அவற்றுக்குத் தப்பி ஒன்றிரண்டு முளைத்து நூல் விட்டால், அந்த நூலைக் கொல்ல நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் படையாக வரும். இந்த இரண்டாவது படைதான் முக்கியம். அது இல்லாவிட்டால் அந்த நூல் ரத்தக்குழாய்ச் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும்.

அந்தப் படை இல்லாமல் போவது யாருக்கு? லுகீமியாவுக்குக் கீமோ எடுப்பவர்கள், எலும்பு மஜ்ஜை மாற்று செய்துகொண்டவர்கள். அணுக்கள் இருந்தும் அவை மந்தமாகிக் கிடப்பது, வாரக்கணக்கில் அதிக டோஸ் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் சிறுநீரக மாற்று செய்துகொண்டவர்களுக்கும். சாதாரண சர்க்கரை நோயாளியோ, சளி பிடித்த குழந்தையோ இந்தக் கதையில் வரமாட்டார்கள். ஆகவே படித்துவிட்டு வீட்டுப் பிரட்டில் பூசணத்தைத் தேட வேண்டாம்.

இனி ஒரு நோயாளியைப் பார்ப்போம். அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

வயது 42. கொங்குப் பக்கம் தறி ஓட்டுபவர். அக்யூட் மைலாய்டு லுகீமியா. முதல் சுற்றுக் கீமோ ஏழு நாள் ஒரு மருந்து, அதில் மூன்று நாள் கூட இன்னொரு மருந்து. இந்தச் சிகிச்சை கெட்ட செல்லை அழிக்கும்போது நல்ல செல்லையும் சேர்த்தே துடைத்துவிடும். இரண்டு, மூன்று வாரம் அணுக்கள் தரை தட்டிக் கிடக்கும்.

கீமோ தொடங்கிய 12ஆம் நாள் 102 டிகிரி காய்ச்சல். அன்று மொத்த வெள்ளை அணுக்கள் 400. அதில் நியூட்ரோஃபில் 5 சதவீதம். அதாவது 400இல் 5 சதவீதம், வெறும் 20. நமக்கு இது ஆயிரக்கணக்கில் இருக்கும். 500க்குக் கீழே போனாலே ஆபத்து என்கிறோம். இவருக்கு 20!

இந்த நிலையில் வரும் காய்ச்சலுக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும், ரத்த கல்ச்சர் எடுத்துவிட்டு. ஏனென்றால் முதல் சந்தேகம் பாக்டீரியாதான், அது சில மணி நேரத்தில் ஆளை வீழ்த்திவிடும். இவருக்கும் அப்படியே ஏற்றினோம். மூன்றாம் நாளும் காய்ச்சல் நிற்கவில்லை. அதைவிடப் பெரிய ஆன்டிபயாடிக்குக்கு மாறினோம். ஐந்தாம் நாளும் நிற்கவில்லை. எக்ஸ்ரே சுத்தம். ரத்த கல்ச்சரில் ஐந்து நாளாகியும் வளர்ச்சி இல்லை.

அவர் மனைவி கேட்டார், "ஏனுங்க சார், ரத்தத்துல கிருமி இல்லீன்னுதானுங்க ரிப்போர்ட்டு வந்துருக்குது. நெஞ்சுப் படமும் நல்லாருக்குதுன்னாங்க. அப்பறம் ஏனுங்க காச்சல் உடமாட்டேங்குது?"

சரியான கேள்வி. இதே கேள்வியைத்தான் நாங்களும் ரவுண்ட்ஸில் கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஆஸ்பெர்ஜில்லஸ் ரத்தக்குழாய்க்குள் புகுந்துவிடும், அதன் வழியே மூளை வரைக்கும் போகும். ஆனாலும் ரத்த கல்ச்சர் பாட்டிலில் அது வளர்வது மிக மிக அபூர்வம். காரணம் அதன் உருவம். பாக்டீரியாவும் கேண்டிடாவும் தனித்தனி செல்லாக ரத்தத்தில் மிதப்பவை. பத்து மில்லி ரத்தம் உறிஞ்சினால் ஒன்றிரண்டாவது சிரிஞ்சுக்குள் வர வாய்ப்பு உண்டு. இதுவோ வேர் மாதிரி, நூல் நூலாகக் குழாய்ச் சுவரில் பின்னிக்கிடக்கும். வாய்க்கால் கரையில் வேரோடிய அருகம்புல்லை, வாய்க்கால் தண்ணீரை ஒரு சொம்பு மொண்டு பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா? கதை அவ்வளவுதான். சொல்லப்போனால் பாட்டிலில் ஆஸ்பெர்ஜில்லஸ் வளர்ந்திருந்தால், அது லேப் காற்றிலிருந்து விழுந்ததா என்றுதான் முதலில் யோசிப்போம்.

எக்ஸ்ரே ஏன் சுத்தம்? நிமோனியாவில் எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரிவதில் பெரும்பங்கு நம் உடம்பின் எதிர்வினை. வெள்ளை அணுக்கள் குவிந்து சீழ் கட்டுவதால்தான் அந்த வெண்மை. சீழ் கட்ட ஆளே இல்லாத உடம்பில் எக்ஸ்ரே பல நாள் சாதுவாகவே இருக்கும்.

அன்று காலை அவர் இன்னொன்றும் சொன்னார். மூச்சை ஆழமாக இழுத்தால் வலது மார்பில் சுருக்கென்று குத்துகிறதாம். எச்சிலில் நூல் மாதிரி ரத்தம். பிளேட்லெட் 18 ஆயிரம்தான் என்பதால் ரத்தக்கசிவுக்கு அதுவே போதுமான காரணம் என்று விட்டுவிடலாம். ஆனால் குத்துகிற வலிக்கு அது காரணம் ஆகாது. நுரையீரலின் ஓரத்தில் ஒரு துண்டு, ரத்த ஓட்டம் இல்லாமல் செத்துக்கொண்டிருந்தால் இப்படித்தான் வலிக்கும்.

அவருக்குத் தடுப்பாக ஃப்ளூகோனசோல் மாத்திரை போய்க்கொண்டுதான் இருந்தது. "பூஞ்சை மருந்துதான் ஏற்கனவே சாப்பிடுறாரே?" என்று கேட்பீர்கள். அது கேண்டிடாவுக்குப் போட்ட வேலி. ஆஸ்பெர்ஜில்லஸ் அதை ஒரு பொருட்டாகவே மதிக்காது.

அன்று மதியமே மார்பு சி.டி. எடுத்தோம். வலது மேல் மடலில் 2.2 செ.மீ. அளவில் ஒரு கட்டி. இடது கீழ் மடலில் இன்னொன்று, சின்னது. பெரிய கட்டியைச் சுற்றிப் புகை மாதிரி ஒரு வளையம். நிலாவைச் சுற்றிச் சில ராத்திரிகளில் கோட்டை கட்டியிருக்குமே, அதே மாதிரி. ரேடியாலஜியில் இதை ஹேலோ என்பார்கள். நடுவில் இருப்பது பூஞ்சை குழாயை அடைத்ததால் செத்துப்போன நுரையீரல். சுற்றியிருக்கும் புகை, அதிலிருந்து கசிந்த ரத்தம்.

இந்த வளையம் ரொம்ப நாள் காத்திருக்காது. ஆரம்ப நாட்களில் பெரும்பாலானவர்களிடம் இருக்கும். ஒரு வாரம் கழித்து எடுத்தால் பலரிடம் மறைந்திருக்கும். "இன்னும் ரெண்டு நாள் காய்ச்சலைப் பார்த்துட்டு சி.டி. எடுக்கலாம்" என்ற யோசனை எனக்குப் பிடிக்காமல் போனதற்கு இதுதான் காரணம். அணுக்கள் இல்லாமல், நாலைந்து நாள் ஆன்டிபயாடிக்குக்கு அசையாத காய்ச்சல் என்றால் எக்ஸ்ரேயைத் திரும்பத் திரும்ப எடுப்பதில் பயனில்லை. சி.டி.க்கு அனுப்பிவிட வேண்டும்.

சரி, வளையம் தெரிந்தால் ஆஸ்பெர்ஜில்லஸ் உறுதியா? இல்லை. 2021இல் கறுப்புப் பூஞ்சை என்று ஊரே பேசியதே மியூகர், அதுவும் குழாயைத் துளைக்கும் ஜாதிதான். அதற்கும் சில நேரம் இதே வளையம் வரும். வளையம் உள்வெளியாகப் புரண்டு, ஓரம் கெட்டியாகவும் நடு புகையாகவும் இருந்தால் மியூகர் பக்கம் சந்தேகம் சாயும். சந்தேகம்தான், தீர்ப்பு இல்லை.

இது வெறும் பெயர்ச் சண்டை கிடையாது. ஆஸ்பெர்ஜில்லஸுக்கு முதல் மருந்து வோரிகோனசோல். 2002இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், 12 வாரம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் வோரிகோனசோல் பிரிவில் சுமார் 71 சதவீதம், பழைய ஆம்ஃபோடெரிசின் பிரிவில் சுமார் 58 சதவீதம். அதன் பிறகுதான் உலகமே மாறியது. ஆனால் அதே வோரிகோனசோல் மியூகருக்கு வேலையே செய்யாது. அங்கே ஆம்ஃபோடெரிசின்தான். ஆக, தப்பான பெயரை வைத்துக்கொண்டு மருந்து ஏற்றினால், பாட்டில் பாட்டிலாக ஏறும், பூஞ்சை பாட்டுக்கு வளரும்.

பெயரைக் கண்டுபிடிக்க இரண்டு வழிகளில் போனோம். முதலாவது ரத்தத்தில் கேலக்டோமேனன். பூஞ்சையே ரத்தத்துக்கு வராது என்றேன் அல்லவா? ஆனால் அது வளரும்போது தன் செல் சுவரிலிருந்து ஒரு சர்க்கரைப் பொருளை உதிர்க்கும். மரநாய் கண்ணில் படாவிட்டாலும் அதன் வாடை காட்டிக்கொடுப்பது போல, ஆளைப் பிடிக்காமல் அது விட்டுப்போன தடயத்தைப் பிடிக்கிறோம். லேபில் தரும் எண், நோயாளியின் சாம்பிள் காட்டும் நிறத்தை ஒரு தரமான சாம்பிளின் நிறத்தோடு ஒப்பிட்ட விகிதம். 0.5க்கு மேல் போனாலே கிட் தயாரித்தவர் கணக்கில் பாசிட்டிவ். ரத்தத்தில் ஒரே முறை பார்த்து முடிவெடுப்பதென்றால், ஆய்வுகளுக்கான இப்போதைய சர்வதேச வரையறை 1.0 கேட்கிறது.

இந்தப் பரிசோதனையின் பலவீனங்களும் தெரிந்திருக்க வேண்டும். அணுக்கள் இல்லாத லுகீமியா நோயாளியிடம் நன்றாக வேலை செய்யும், அப்படியும் சிலரைத் தவறவிடும். ஸ்டீராய்டு எடுப்பவரிடம் ரத்தத்தில் அடிக்கடி நெகட்டிவ் ஆகவே வரும். அவரிடம் நியூட்ரோஃபில் இருப்பதால் அவை தடயத்தைத் துடைத்துவிடுகின்றன. ஆஸ்பெர்ஜில்லஸுக்கான மருந்து சில நாள் போன பிறகு எடுத்தாலும் எண் சரிந்துவிடும். மியூகர் இந்தச் சர்க்கரையை உதிர்ப்பதே இல்லை. ஆகவே வளையம் இருந்து, கேலக்டோமேனன் திரும்பத் திரும்ப நெகட்டிவ் என்றால், "அப்பாடா, பூஞ்சை இல்லை" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மியூகராக இருக்குமோ என்று பயப்பட வேண்டும்.

இன்னொரு நடைமுறைச் சிக்கல். இந்தக் கிட் ஒரு தட்டில் பல குழிகளாக வரும். ஒரே ஒரு சாம்பிளுக்காகத் தட்டைப் போட்டால் ஒப்பீட்டுச் சாம்பிள்களுக்கே பாதி செலவாகிவிடும். அதனால் சாம்பிள்களைச் சேர்த்து வைத்து வாரம் இரண்டு முறை ஓட்டுவார்கள். லேப்காரர்கள் மேல் தப்பு சொல்ல முடியாது. ஆனால் வார்டில் மூன்று நாள் என்பது பெரிய காலம். அதனால் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல், சாம்பிளை எடுத்துவிட்டு அன்று இரவே வோரிகோனசோலைத் தொடங்கினோம். அவர் எடை 60 கிலோ. முதல் நாள் கிலோவுக்கு 6 மி.கி. கணக்கில் 360 மி.கி., 12 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை. பிறகு கிலோவுக்கு 4 மி.கி., அதாவது 240.

இரண்டாவது வழி, நேராக அந்த இடத்துக்கே போவது. மறுநாள் பிளேட்லெட் ஏற்றி எண்ணிக்கையைக் கொஞ்சம் தூக்கிய பிறகு ப்ராங்கோஸ்கோப்பி. குழாயை வலது மேல் மடலின் கிளை வரை இறக்கி, சலைன் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, திரும்ப உறிஞ்சி எடுப்பது. நுரையீரலைக் கழுவிய தண்ணீர். கட்டியிலேயே ஊசி போட்டுச் சதை எடுத்தால் நூறு சதவீதம் உறுதியாகும்தான். ஆனால் இந்தப் பிளேட்லெட்டில், அதுவும் ஏற்கனவே ரத்தம் கசியும் இடத்தில் ஊசி குத்த யாருக்கும் கை வராது. அதனால்தான் இந்த நோயில் "உறுதி" என்ற சொல்லை விட "பெரும்பாலும் இதுதான்" என்ற சொல்லே எங்களுக்கு அதிகம் வாய்க்கிறது. எதிர்ப்பு சக்தி இல்லாத உடம்பு, சி.டி.யில் பொருந்தும் படம், பூஞ்சையின் தடயம் ஒன்று. மூன்றும் சேர்ந்தால் அந்தப் பெயர்.

கழுவிய தண்ணீரைச் சுழற்றி, அடியில் தங்கியதில் கே.ஓ.ஹெச். என்ற காரத்தை விட்டால் சளியும் செல்லும் கரைந்துவிடும், பூஞ்சை மட்டும் கரையாமல் நிற்கும். மைக்ரோபயாலஜி மேடம் சாயங்காலமே கூப்பிட்டுக் காட்டினார். மெலிந்த நூல்கள், மூங்கில் கணு மாதிரி குறுக்கே தடுப்புகள், கூர்கோணத்தில், ஏறக்குறைய 45 டிகிரியில் கிளைகள். மியூகராக இருந்தால் அகலமாக, ரிப்பன் மாதிரி மடங்கி, கணு அபூர்வமாக, கிளைகள் கிட்டத்தட்ட செங்கோணத்தில் இருக்கும். சில ஆயிரம் ரூபாய் பரிசோதனைகளுக்கு நடுவே, சில ரூபாய்க் காரமும் ஒரு மைக்ரோஸ்கோப்பும் பழகிய கண்ணும் இரண்டு மணி நேரத்தில் சொன்ன பதில் இது. எனக்கு இந்தப் பரிசோதனை மேல் தனிப் பாசம் உண்டு.

(ஒரு துணுக்கு: ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பெயரை 1729இல் வைத்தவர் மிக்கேலி என்ற இத்தாலியப் பாதிரியார். தேவாலயத்தில் புனித நீர் தெளிக்கும் கருவி போல அதன் தலை இருக்கிறதாம்.)

20ஆம் நாள் ரத்த கேலக்டோமேனன் வந்தது, 1.6. கழுவிய தண்ணீரில் 4.2. 22ஆம் நாள் கல்ச்சர் தட்டில் மஞ்சள் கலந்த பச்சையில் பூஞ்சை, ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ். வகை வரை தெரிவதிலும் லாபம் உண்டு. டெரியஸ் என்ற வகையாக இருந்திருந்தால் ஆம்ஃபோடெரிசின் அதற்குச் சரிப்படாது.

இனி ஆரம்பத்தில் சொன்ன கேண்டிடாவுக்கு வருகிறேன். இது காற்றில் வருவது இல்லை. நம் வாயிலும் குடலிலும் ஏற்கனவே குடியிருப்பது. அதனால் சளியில் வளர்ந்தால், சளி வாய் வழியாகத்தானே வந்தது, அங்கே இருந்த கேண்டிடாவும் கூட வந்தது என்றுதான் பொருள். கேண்டிடாவால் நிமோனியா வருவது மிக அபூர்வம். யூரின் டியூப் போட்டவர் சிறுநீரில் வளர்வதும் பெரும்பாலும் டியூபில் ஒட்டியிருப்பதுதான். இந்த ரிப்போர்ட்டைப் பார்த்து அவசரமாகப் பூஞ்சை ஊசி எழுதுவது நம் ஊரில் ஒரு வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

ஆனால் ரத்த பாட்டிலில் ஒரே ஒரு கேண்டிடா வளர்ந்தாலும் கதையே வேறு. அதை ஒருபோதும் "தெரியாமல் கலந்தது" என்று ஒதுக்கக் கூடாது. கழுத்தில் போட்ட சென்ட்ரல் லைன் வழியாகவோ, கீமோவில் புண்ணான குடல் வழியாகவோ உள்ளே போயிருக்கும். லைனைக் கழற்ற முடிந்தால் கழற்ற வேண்டும். கண் டாக்டரைக் கூப்பிட்டு விழித்திரையைப் பார்க்கச் சொல்ல வேண்டும், அங்கே போய் உட்காரும் பழக்கம் அதற்கு உண்டு. கல்ச்சரைத் திரும்ப எடுத்துக்கொண்டே இருந்து, முதல் நெகட்டிவ் வந்த நாளிலிருந்து குறைந்தது 14 நாள் மருந்து. இங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. உள்ளுறுப்பில் கேண்டிடா பரவியவர்களில் சுமார் பாதிப் பேரைத்தான் ரத்த கல்ச்சர் பிடிக்கும். அதிலும் பத்து மில்லி விட வேண்டிய பாட்டிலில் மூன்று மில்லி விட்டால் அந்தப் பாதியும் குறையும்.

மீண்டும் நம் தறிக்காரரிடம். மருந்து தொடங்கி நாலாம் நாள் காய்ச்சல் இறங்கியது. ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்தோம். வோரிகோனசோலை ஒவ்வொருவர் ஈரலும் ஒவ்வொரு வேகத்தில் கரைக்கும் என்பதால் ஒரே டோஸ் ஒருவருக்குப் பற்றாது, இன்னொருவருக்கு விஷமாகும். இவருக்கு அடுத்த டோஸுக்கு முன் எடுத்த அளவு 2.1. ஒன்றுக்கும் ஐந்தரைக்கும் நடுவில் இருந்தால் சரி. இரண்டு நாள் மட்டும் ஃபேன் இறக்கை ஊதா நிறமாகத் தெரிகிறது என்றார். இந்த மருந்துக்கு அது சகஜம், தானாகப் போய்விடும்.

26ஆம் நாள் நியூட்ரோஃபில் 1,100. எல்லாரும் சந்தோஷப்பட்ட மறுநாள் மறுபடியும் இருமலில் ரத்தம், கொஞ்சம் அதிகமாகவே. சி.டி. எடுத்தால் கட்டி 2.2 செ.மீ.யிலிருந்து 3.1 ஆகியிருக்கிறது. ரிப்போர்ட்டை யாரோ படித்துச் சொல்லிவிட்டார்கள்.

"பெருசாயிருச்சுன்னு போட்டிருக்குதுங்களே சார்... மருந்து கேக்கலீங்களா?"

"அக்கா, இங்க பாருங்க" என்று படத்தைக் காட்டினேன். கட்டியின் மேல் ஓரத்தில் பிறை மாதிரி ஒரு கறுப்புக் கீற்று. "இது காத்து. செத்துப்போன சதை சுருங்கி, நல்ல நுரையீரல்ல இருந்து பிரியுது. அவரோட அணுக்கள் திரும்பி வந்து வேலை செய்யறதாலதான் இப்படி ஆகுது."

சரியான மருந்து போய்க்கொண்டிருக்கும்போதே முதல் ஏழு, பத்து நாள் கட்டி பெரிதாவது இந்த நோயில் வழக்கம். அதை வைத்து மருந்து தோற்றது என்று மாற்றக் கூடாது. காய்ச்சல் இல்லை, கேலக்டோமேனன் 0.4க்கு இறங்கியிருந்தது, புதுக் கட்டி எதுவும் இல்லை. இவற்றைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் அந்தப் பிறை வரும் நாட்களுக்கு என்று ஒரு ஆபத்தும் உண்டு. சதை பிரியும் இடத்தில் பெரிய ரத்தக்குழாய் இருந்தால் திடீரென்று கொட்டிவிடும். அதனால் பிளேட்லெட்டைத் தாழ விடாமல், ரத்தம் தயாராக வைத்து, அறுவை சிகிச்சை டாக்டரிடமும் சொல்லி வைத்து ஐந்து நாள் காவல் காத்தோம். ரத்தம் தானாகக் குறைந்தது.

மாத்திரையாக மாற்றி வீட்டுக்கு அனுப்பினோம். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போதான் போட வேண்டும். வெயிலில் நின்றால் தோல் கருகும், முழுக்கைச் சட்டை போட வேண்டும். சாணம் அள்ளுவது, பஞ்சுத் தூசு இருக்கும் கொட்டாய்க்குள் போவது கூடாது. தறிக்குப் போகாமல் எப்படிக் குடும்பம் நடத்துவது என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆறு வாரம் கழித்து எடுத்த சி.டி.யில் ஒரு செ.மீ. தழும்புதான். மஜ்ஜைப் பரிசோதனையில் லுகீமியா செல்கள் அடங்கியிருந்தன. அடுத்த சுற்றுக் கீமோ திங்கட்கிழமை. அணுக்கள் மறுபடி தரை தட்டும் என்பதால் இந்தத் தடவை வோரிகோனசோலும் கூடவே போகும்.